“ஒரு ரூபாயும் தர வேண்டாம்”: வேலை அறிவிப்பில் அதை எப்படி எழுதுவது?

கேள்வி: ஐயா, கோவை குறிச்சிப் பகுதியில் பம்புக்கான உதிரிபாகங்களைக் கடைந்து கொடுக்கும் சிறிய தொழிற்கூடம் நடத்துகிறேன். 38 பேர் வேலை செய்கிறார்கள். சி.என்.சி. ஆபரேட்டர் நான்கு பேர், ஹெல்பர் இரண்டு பேர் தேவை என்று சில மாதங்களுக்கு முன் வாட்ஸ்அப்பில் ஓர் அறிவிப்பு போட்டோம். யாரோ அதை எடுத்து, எங்கள் போன் நம்பரை மட்டும் மாற்றி, மெடிக்கல், யூனிஃபார்ம் என்று சொல்லி ஆளுக்கு 1,850 ரூபாய் வாங்கிவிட்டார்கள். ஒன்பது பேர் பையோடு வந்து கேட்டில் நின்றார்கள். இப்போது மறுபடியும் ஆள் எடுக்க வேண்டும். “கட்டணம் எதுவும் இல்லை” என்று ஒரு வரி சேர்த்தால் போதுமா? ஷூவுக்கும் யூனிஃபார்முக்கும் முதல் மாதச் சம்பளத்தில் 1,200 ரூபாய் பிடிப்பது எங்கள் வழக்கம். அதையும் எழுத வேண்டுமா?
தொழிற்கூட உரிமையாளர், கோவை

பதில்: அந்த ஒரு வரி போதாது. உங்கள் அறிவிப்பை எடுத்து எண்ணை மாற்றியவர் அந்த வரியையும் சேர்த்தே எடுத்துக்கொள்வார். அது அங்கே இருப்பது அவருக்கு வசதிதான். கோவையிலும் திருப்பூரிலும் சிறு தொழிற்சாலைகளுக்கு ஆள்சேர்ப்பு, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. கணக்கு வேலைகளைப் பார்த்துவரும் எனக்கு, இப்படிப் பணம் கொடுத்து ஏமாந்தவர்கள் பலரோடு பேச நேர்ந்திருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் “கட்டணம் இல்லை” என்ற வரியைப் படித்த பிறகே பணம் அனுப்பியவர்கள். காரணம் எளிது. அவர்களிடம் யாரும் “கட்டணம்” என்ற சொல்லைச் சொல்லிப் பணம் கேட்கவில்லை. “வேலைக்குக் கட்டணம் எல்லாம் கிடையாது தம்பி, இது யூனிஃபார்முக்கு டெபாசிட், முதல் சம்பளத்தோடு திரும்பி வந்துவிடும்” என்றுதான் கேட்டிருக்கிறார்கள். கட்டணம் என்றால் திரும்பி வராத பணம், டெபாசிட் என்றால் திரும்பி வரும் பணம் என்று நம் மக்கள் மனத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. மோசடிக்காரர் நுழைவது அந்தப் பிரிவின் வழியாகத்தான்.

ஆகவே அறிவிப்பில் “கட்டணம்” என்ற சொல்லை நம்பாமல், “பணம்” என்ற சொல்லைப் பயன்படுத்துங்கள். அது எந்தெந்தப் பெயரில் கேட்கப்படும் என்பதையும் பெயர் சொல்லி எழுதுங்கள். உங்கள் ஊரில் இப்போது கேட்கப்படும் பெயர்கள் உங்களுக்கே தெரிந்திருக்கும்: டெபாசிட், யூனிஃபார்ம், ஷூ, மெடிக்கல், டிரெயினிங், கேட் பாஸ், சான்றிதழ் சரிபார்ப்பு, பேங்க் கணக்கு திறப்பது, பி.எஃப். எண் எடுப்பது, ஹாஸ்டல் முன்பணம். வேலைக்கு வருகிறவர் அலைபேசியில் கேட்கப்போகும் அதே சொல் உங்கள் அறிவிப்பிலும் அச்சாகியிருந்தால், கேட்கும் அந்த நொடியிலேயே அவருக்கு உறைக்கும். பொதுவாக “ஏமாறாதீர்கள்” என்று கொட்டை எழுத்தில் போடுவதால் அந்தப் பயன் கிடைப்பதில்லை.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. உண்மையில் அதைத்தான் முதலில் தீர்க்க வேண்டும். ஷூவுக்கும் யூனிஃபார்முக்கும் 1,200 ரூபாய் பிடித்துக்கொண்டு “எங்கள் நிறுவனம் ஒரு ரூபாயும் வாங்குவதில்லை” என்று எழுத முடியாது. அது பொய் என்பது மட்டும் காரணமன்று. அந்த வழக்கம்தான் மோசடிக்காரருக்கு நம்பகத்தன்மையைக் கொடுத்திருக்கிறது. உங்களிடம் ஏற்கெனவே வேலை செய்யும் ஒருவரைப் புதிதாக வர விரும்புகிறவர் கேட்டால், “ஆமாம், ஷூவுக்கும் யூனிஃபார்முக்கும் பிடிப்பார்கள்” என்று அவர் உண்மையைத்தான் சொல்வார். உடனே போனில் கேட்கப்பட்ட 1,850 ரூபாயும் நியாயமானதாகத் தோன்றிவிடும். விசாரித்துப் பார்த்தவரே கூடுதலாக ஏமாறுகிற நிலை இது.

சட்டமும் உங்கள் வழக்கத்துக்கு எதிராகவே இருக்கிறது. தொழிற்சாலைச் சட்டத்தின் கீழ் உரிமையாளர் தர வேண்டிய கருவிகளுக்கோ வசதிகளுக்கோ தொழிலாளியிடம் எந்தக் கட்டணமும் வசூலிக்கக் கூடாது என்று 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 114ஆம் பிரிவு சொல்லியது. உணவகம் மட்டுமே அதற்கு விலக்கு. அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்த, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் பற்றிய சட்டத் தொகுப்பும் பணியிடப் பாதுகாப்புக்காகவும் உடல்நலத்துக்காகவும் செய்யப்படும் எதற்கும் தொழிலாளியிடம் பணம் வாங்கக் கூடாது என்கிறது. நியமனக் கடிதம் கொடுப்பதையும் அது கட்டாயமாக்குகிறது. லேத் ஓடும் இடத்தில் இரும்புச் சீவல் தெறிக்கும், கனமான வார்ப்பு காலில் விழும்; அங்கே பாதுகாப்பு ஷூவும் கண்ணாடியும் உரிமையாளர் செலவுதான், இதில் வாதத்துக்கு இடமில்லை. யூனிஃபார்ம் பாதுகாப்புக் கருவி அல்ல என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் சம்பளத்தில் பிடிக்கலாம் என்று சட்டம் பட்டியலிட்டிருப்பவற்றைத் தவிர வேறு எதையும் பிடிக்க முடியாது என்பதால், அதையும் விட்டுவிடுவதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு.

ஆறு பேருக்கு 1,200 வீதம் 7,200 ரூபாய். ஒன்பது பேர் கேட்டில் நின்ற அன்று வேலை நின்றதால் ஆன நஷ்டத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகை அல்ல என்றே நினைக்கிறேன். உங்கள் உண்மையான கவலை, ஷூவை வாங்கிக்கொண்டு பத்து நாளில் நின்றுவிடுகிறவர்களைப் பற்றியதாக இருக்கும். என்னிடம் வரும் உரிமையாளர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். அதற்கு வேறு வழி இருக்கிறது. ஷூவையும் கண்ணாடியையும் ஸ்டோர் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள். நிற்கும்போது திருப்பித் தர வேண்டிய பொருள் என்று அதிலேயே எழுதுங்கள். யூனிஃபார்மில் முதலில் ஒரு செட்டும் மூன்று மாதம் முடிந்த பிறகு இரண்டாவது செட்டும் கொடுங்கள். இரண்டொரு ஷூ போகத்தான் செய்யும்; அது ஆள்சேர்ப்புச் செலவு.

இந்த வழக்கத்தை நிறுத்திய பிறகும் சம்பளத்தில் பிடித்தம் இருக்கவே செய்யும். அதை அறிவிப்பிலேயே விளக்கிவிட வேண்டும். பிடித்தம் வேறு, வேலைக்காகக் கேட்கப்படும் பணம் வேறு என்று வருகிறவருக்குத் தெரியாவிட்டால், ஒரு பக்கம் பி.எஃப். பேரில் முன்கூட்டியே பணம் அனுப்பி ஏமாறுவார்; இன்னொரு பக்கம் முதல் மாதச் சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டு, ஒரு ரூபாயும் வாங்க மாட்டோம் என்றீர்களே என்று உங்களிடமே சண்டைக்கு வருவார். ஓர் ஆபரேட்டருக்கு மொத்தச் சம்பளம் 16,000 ரூபாய் என்றும், அதில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 12,000 என்றும் வைத்துக்கொள்வோம். பி.எஃப். 12,000இல் 12 சதவீதம், அதாவது 1,440 ரூபாய். ஈ.எஸ்.ஐ. 0.75 சதவீதம்; முழுச் சம்பளமான 16,000க்கும் கணக்கிட்டால் 120 ரூபாய். அப்படியானால் கையில் வருவது 14,440. இந்த இரண்டும் மாதம் முழுக்க வேலை செய்த பிறகு, சம்பளத்திலிருந்து, சீட்டில் எழுதிப் பிடிக்கப்படுபவை. அவற்றோடு உங்கள் பங்கும் சேர்ந்து அவர் பெயரில் அரசுக் கணக்குக்குப் போகிறது. வேலையில் சேரும் முன், யாருடைய அலைபேசிக்கோ கூகுள் பேயில் அனுப்பும் பணம் எந்த நாளும் பி.எஃப். ஆகாது. இதை அறிவிப்பில் ஒரு வாக்கியமாகவாவது எழுதுங்கள்.

சம்பளத்தை ஒளிக்காமல் எழுதுவதால் இன்னொரு நன்மையும் உண்டு. “தகுதிக்கேற்ற சம்பளம்” என்று நீங்கள் விட்டுவைத்த இடத்தில்தான் மோசடிக்காரர் 28,000 என்று நிரப்புகிறார். உங்கள் பக்கத்திலிருந்து ஒரு தொகை ஏற்கெனவே ஊரில் உலவிக்கொண்டிருந்தால், அதிலிருந்து வெகுதூரம் விலகிய தொகை சந்தேகத்தைக் கிளப்பும்.

அடுத்தது, எண்ணை மாற்றும் தந்திரம். உங்கள் அறிவிப்பு படமாகப் போயிருக்கிறது. படத்தில் ஒரு வரியை அழித்து வேறு எண்ணை எழுத, அலைபேசியில் இரண்டு நிமிடம் போதும். எண்ணைப் படத்தின் குறுக்கே மங்கலாகப் பதிப்பது, ஒரே எண்ணை மூன்று இடத்தில் போடுவது, எண்ணை எழுத்தாலும் எழுதுவது ஆகியவை மாற்றுகிறவரின் வேலையைச் சற்றுக் கூட்டும், செய்யுங்கள். ஆனால் அறிவிப்புக்குள் இருக்கும் எதுவும் அந்த அறிவிப்பு உண்மையானதுதானா என்பதைக் காட்ட முடியாது. சரிபார்க்கும் இடம் அறிவிப்புக்கு வெளியே இருக்க வேண்டும்.

சிறு தொழிற்சாலைக்கு அப்படி ஓர் இடம் கேட்தான். பெரிய நிறுவனங்களுக்கு இல்லாத வசதி இது. அறிவிப்பின் அச்சுப் பிரதி ஒன்றை, தேதியும் உங்கள் கையெழுத்தும் முத்திரையும் போட்டு, கேட்டில் வெளிப்பக்கம் பார்த்த பலகையில் ஒட்டுங்கள். “எங்கள் கேட்டில் ஒட்டியிருக்கும் அறிவிப்பில் உள்ள எண்ணே சரியானது” என்று அறிவிப்பில் எழுதுங்கள். குறிச்சியில், சுந்தராபுரத்தில், போத்தனூரில் இருக்கும் ஒருவருக்கு நேரில் வந்து பார்ப்பதோ, அந்தப் பக்கம் வேலைக்குப் போகும் தெரிந்தவரைப் பார்க்கச் சொல்வதோ கடினமில்லை. வெளியூரில் இருப்பவருக்கு அலுவலகத் தரைவழித் தொலைபேசியைக் கொடுங்கள். கோவையின் 0422 என்ற குறியீட்டோடு தொடங்கும், பல ஆண்டுகளாக உங்கள் பில் புத்தகத்திலும் பெயர்ப்பலகையிலும் உள்ள எண் அது. புதிதாக வாங்கிய சிம் கார்டுக்கு அந்தப் பழமை கிடையாது.

கூகுள் மேப்பில் உங்கள் நிறுவனம் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அந்தப் பக்கத்தை உரிமையாளர் என்ற முறையில் உங்கள் பெயருக்கு எடுத்துக்கொள்ளாமல் விட்டிருந்தால் உடனே எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்துக்கொண்ட பிறகும் மாதம் ஒருமுறை அதில் உள்ள தொலைபேசி எண்ணைப் பாருங்கள். மாற்றம் செய்யச் சொல்லி யார் வேண்டுமானாலும் அங்கே பரிந்துரைக்க முடியும், சில நேரம் அது ஏற்கப்பட்டும் விடும். எச்சரிக்கையான விண்ணப்பதாரர் அறிவிப்பில் உள்ள எண்ணை நம்பாமல் அங்கே போய்த்தான் தேடுவார். அங்கேயும் வேறொருவரின் எண் இருந்தால் அவருடைய எச்சரிக்கையே அவரை மாட்டிவிடும்.

பலர் ஜி.எஸ்.டி. எண்ணையும் உத்யம் பதிவு எண்ணையும் அறிவிப்பில் போட்டால் நம்பிக்கை வரும் என்று நினைக்கிறார்கள். ஓரளவுக்குத்தான். ஜி.எஸ்.டி. எண்ணை gst.gov.in தளத்தில் போட்டுப் பார்த்தால், அந்தப் பெயரில் ஒரு நிறுவனம் பதிவாகி இருக்கிறது என்பது யாருக்கும் தெரியும். போனில் பேசுகிறவர் அந்த நிறுவனத்தின் ஆள்தானா என்பது அதிலிருந்து தெரியாது. உங்கள் ஒவ்வொரு பில்லிலும் அச்சாகியிருக்கும் எண்ணை மோசடிக்காரரும் எடுத்துப் போட முடியும். எனக்குக் காட்டப்பட்ட போலி நியமனக் கடிதங்களில் நிறுவனத்தின் சரியான ஜி.எஸ்.டி. எண்ணே இருந்தது, சின்னம், முகவரி எல்லாமே சரி. தவறாக இருந்தவை அலைபேசி எண்ணும் பணம் அனுப்பச் சொன்ன கணக்கும் மட்டுமே. போதாக்குறைக்கு இரண்டு மூன்று வட்ட முத்திரைகள் வேறு. உண்மையான கடிதத்தில் அவ்வளவு முத்திரை குத்த எந்த அலுவலகத்துக்கும் பொறுமை இருப்பதில்லை.

ஆகவே நியமனக் கடிதம் எப்படிக் கொடுக்கப்படும் என்பதையும் அறிவிப்பில் சொல்லிவிடுங்கள்: தொழிற்கூடத்தில், தேர்வு முடிந்த பிறகு, கையில். வாட்ஸ்அப்பில் கடிதம் அனுப்புவதில்லை என்று எழுதிவிட்டு, அவசரம் என்று ஒருவருக்கு மட்டும் அனுப்பாதீர்கள். நேரில் பார்க்காமல் யாருக்கும் வேலை கொடுப்பதில்லை என்பது உங்கள் தொழிலில் இயல்பாகவே அமைந்த காவல், சி.என்.சி. ஆபரேட்டரை வரைபடம் வாசிக்கவும், ஆஃப்செட் போடவும், மைக்ரோமீட்டரில் அளவு பார்க்கவும் சொல்லாமல் எந்த உரிமையாளரும் எடுக்க மாட்டார். அதை அப்படியே எழுதினால், போனிலேயே “செலக்ட் ஆகிவிட்டீர்கள்” என்று சொல்லும் ஆள் அன்றே அம்பலமாவார். இதில் உங்களுக்கும் ஒரு கடமை உண்டு. தேர்வு என்பது ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் முடிய வேண்டும். “இரண்டு நாள் ஓட்டிக் காட்டு, பார்க்கலாம்” என்று வேலை வாங்கிவிட்டுக் கூலி தராமல் அனுப்புவது, பணத்துக்குப் பதிலாக உழைப்பை முன்கூட்டி வாங்குவதுதான். முழு நாள் ஓட்டச் சொன்னால் அன்றைய கூலியைக் கொடுங்கள்.

இவற்றையெல்லாம் வைத்து நான் எழுதியிருந்தால் அறிவிப்பு இப்படி இருக்கும். கோடிட்ட இடங்களை நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள்.

“ஆட்கள் தேவை. (நிறுவனத்தின் பெயர், முழு முகவரி, அருகில் உள்ள பேருந்து நிறுத்தம்). பம்பு உதிரிபாகங்களைக் கடையும் எங்கள் தொழிற்கூடத்துக்கு சி.என்.சி. ஆபரேட்டர் 4 பேர், ஹெல்பர் 2 பேர் தேவை. ஆபரேட்டருக்கு ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமோ படிப்பும் ஓராண்டு அனுபவமும் வேண்டும். ஹெல்பருக்கு அனுபவம் தேவையில்லை. ஆபரேட்டருக்கு மாதச் சம்பளம் ____ முதல் ____ வரை, ஹெல்பருக்கு ____. பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. உண்டு, அவற்றுக்கான உங்கள் பங்கு வேலை செய்த மாதத்தின் சம்பளத்திலிருந்து மட்டுமே பிடிக்கப்படும்.

இந்த வேலைக்காக நீங்கள் யாருக்கும் ஒரு ரூபாயும் தர வேண்டாம். டெபாசிட், யூனிஃபார்ம், ஷூ, மெடிக்கல், டிரெயினிங், கேட் பாஸ், சான்றிதழ் சரிபார்ப்பு, பேங்க் கணக்கு, பி.எஃப். எண் என எந்தப் பெயரிலும், திருப்பித் தருவதாகச் சொல்லியும், நாங்கள் பணம் கேட்பதில்லை. ஷூவும் யூனிஃபார்மும் மருத்துவப் பரிசோதனையும் எங்கள் செலவு. எங்களுக்கு ஏஜென்ட் யாரும் இல்லை. எங்கள் ஊழியரே கேட்டாலும் கொடுக்காதீர்கள். உரிமையாளரிடம் நேரில் சொல்லுங்கள்.

(தேதி) முதல் (தேதி) வரை, ஞாயிறு தவிர, காலை 10 மணியிலிருந்து 12 மணிக்குள் நேரில் வாருங்கள். மெஷினில் ஒரு மணி நேரத் தேர்வு இருக்கும். போனில் யாரையும் தேர்வு செய்வதில்லை. நியமனக் கடிதத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவதில்லை. அசல் சான்றிதழ்களைப் பார்த்துவிட்டு அப்போதே திருப்பித் தருவோம். விவரம் கேட்க: 0422 ____. எங்கள் கேட்டில் ஒட்டியிருக்கும் அறிவிப்பில் உள்ள எண்ணே சரியானது. இந்த அறிவிப்பு (தேதி)க்குப் பிறகு செல்லாது.”

இது நீளம்தான். ஒரு பக்கப் படத்தில் அடங்கும்; ஆனால் முழுவதையும் எல்லோரும் படிக்க மாட்டார்கள். இடம் போதாவிட்டால் நிறுவனத்தின் பெருமையைச் சொல்லும் வரிகளை வெட்டுங்கள். பணம் பற்றிய பத்தியை வெட்டாதீர்கள். அந்தப் பத்தி கடைசியில் சிறு எழுத்தில் இருக்கவும் கூடாது, ஏனெனில் படத்தின் அடிப்பகுதியை வெட்டி எறிவதுதான் மிகவும் சுலபம். சம்பளத்துக்கும் நேரில் வர வேண்டிய நாள், நேரத்துக்கும் நடுவே வைத்தால், வெட்டுகிறவர் மற்றதையும் இழக்க நேரும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் உங்களிடம் இருந்தால் பணம் பற்றிய வாக்கியங்களை மட்டுமாவது இந்தியிலும் எழுதி ஒட்டுங்கள். தங்கள் ஊர் ஆள் ஒருவருக்குப் பணம் கொடுத்தால்தான் வேலை என்று நம்பி வருகிறவர்கள் அவர்களில் அதிகம்.

“எங்கள் ஊழியரே கேட்டாலும்” என்ற சொற்கள் உங்களுக்குச் சங்கடம் தரலாம். இருந்தும் அவற்றை எடுத்துவிடாதீர்கள். வெளியிலிருந்து வரும் மோசடிக்காரரைவிடப் பல ஆண்டுகள் பழமையானது, உள்ளே இருக்கும் சூப்பர்வைசரோ மூத்த ஆபரேட்டரோ புதிதாகச் சேர்க்கும் ஆளிடம் “டீ செலவுக்கு” என்று 500, 1,000 வாங்கும் பழக்கம். உரிமையாளருக்குத் தெரியாது, அல்லது தெரிந்தும் கண்டுகொள்வதில்லை. நான் கணக்குப் பார்த்த ஒரு தொழிற்கூடத்தில், ஆள் நிற்பதில்லை என்று இரண்டு வருடம் புலம்பினார்கள். விசாரித்தபோது, புதிய ஆள் வந்தால்தான் பணம் வரும் என்பதால் ஷிப்டு பொறுப்பாளரே பழைய ஆட்களை நெருக்கி வெளியேற்றிக்கொண்டிருந்தார். ஆகவே புகார் போய்ச் சேரும் இடம் ஆள் எடுக்கும் நபராக இருக்கக் கூடாது. உங்களிடமே வர வேண்டும். புதிதாகச் சேர்கிறவரை முதல் வாரத்தில் ஒருமுறை தனியாக அழைத்து, “யாருக்காவது பணம் கொடுத்தாயா?” என்று கேளுங்கள். முதல் ஆள் தயங்குவார். கொடுத்த பணம் திரும்பக் கிடைத்தது என்ற செய்தி பரவினால் அடுத்தவர் தயங்க மாட்டார்.

ஆவணங்களைப் பற்றி ஒன்று. ஆதார் நகலையும் பேங்க் பாஸ்புக்கையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லாதீர்கள். நீங்களே அப்படிக் கேட்பது வழக்கமானால், மற்றவர் கேட்கும்போதும் யாருக்கும் சந்தேகம் வராது. சேரும் நாளில் நேரில் வாங்கினால் போதும். நகலின் மேல் எந்த நிறுவனத்தில் எதற்காகக் கொடுக்கப்பட்டது என்பதையும் தேதியையும் அவரையே எழுதச் சொல்லுங்கள்.

இவ்வளவு செய்த பிறகும் உங்கள் பெயரில் மறுபடியும் யாராவது வசூலிக்கக் கூடும். அதை முழுமையாகத் தடுக்க முடியாது. கேட்டில் மீண்டும் ஒருவர் போலிக் கடிதத்தோடு வந்து நின்றால், வாட்ச்மேன் அவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று முன்பே சொல்லிவையுங்கள். உள்ளே அழைத்து உட்காரவைத்து முதலில் கேட்க வேண்டியது, பணம் எப்போது அனுப்பினார் என்பது. அன்றோ முந்தைய நாளோ என்றால் ஒரு நிமிடமும் கடத்தாமல் அவருடைய போனிலிருந்தே 1930 என்ற எண்ணுக்குப் பேசவையுங்கள். இணையப் பணமோசடிக்கான இந்திய அரசின் உதவி எண் அது. பணம் போன கணக்கில், அல்லது அங்கிருந்து நகர்ந்த அடுத்த கணக்கில் இன்னும் மிச்சமிருந்தால், அதை முடக்கிவைக்க வங்கிகளுக்கு உடனே தகவல் போகும். ஏ.டி.எம்.மில் எடுக்கப்பட்டுவிட்டால் முடக்குவதற்கு ஒன்றும் இருக்காது. அதனால்தான் முதல் சில மணி நேரத்துக்கு அவ்வளவு மதிப்பு. பேசும்போது, பணம் அனுப்பிய செயலியில் அந்தப் பரிமாற்றத்தைத் திறந்து அதில் இருக்கும் 12 இலக்க எண்ணைத் தயாராக வைத்திருக்க வேண்டும். செயலியைப் பொறுத்து அது யு.டி.ஆர். என்றோ யு.பி.ஐ. பரிவர்த்தனை எண் என்றோ காட்டும். பிறகு cybercrime.gov.in தளத்தில் புகாரைப் பதிவு செய்து, புகார் எண்ணை எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். சங்கடத்தில் அரட்டையை அழித்துவிடுகிறவர்கள் உண்டு; போலிக் கடிதம், பேசிய எண், குரல் பதிவு எதையும் அழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பணத்தை இழந்தவரின் புகார் அது. அதோடு நீங்கள் தனியாக ஒரு புகார் கொடுக்க வேண்டும், ஏனெனில் உங்கள் பெயரில் ஆள்மாறாட்டம் நடந்திருக்கிறது. கணினி அல்லது அலைபேசி வழியாக வேறொருவராக நடித்து ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவின் கீழ் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. கோவை மாநகரச் சைபர் கிரைம் காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுங்கள். உங்கள் அசல் அறிவிப்பையும் மாற்றப்பட்ட அறிவிப்பையும் அருகருகே அச்செடுத்து இணையுங்கள். வேறுபாடு எண்ணில் மட்டும் இருப்பது பார்த்தவுடன் தெரியும். மோசடிக்குப் பயன்பட்ட அலைபேசி எண்ணை sancharsaathi.gov.in தளத்தில் உள்ள ‘சக்ஷு’ என்ற பகுதியில் தெரிவிக்கலாம். ஆனால் அது எண்ணைப் பற்றித் தகவல் கொடுக்கும் இடம் மட்டுமே, பணம் இழந்த புகாருக்கு அது மாற்று ஆகாது.

ஏற்கெனவே வந்த அந்த ஒன்பது பேர் விஷயத்திலும் இதையே செய்யுங்கள். மாதங்கள் ஆகிவிட்டதால் 1,850 ரூபாய் திரும்பி வரும் வாய்ப்பு குறைவு என்பதை அவர்களிடம் மறைக்காமல் சொல்லலாம். இருந்தாலும் ஒரே கணக்குக்கு ஒன்பது பேரின் பணம் போயிருப்பது, ஒருவர் தனியாகக் கொடுக்கும் புகாரைவிடக் காவல்துறைக்கு அதிகம் உதவும். எல்லாப் புகார் எண்களையும் உங்கள் புகாரில் சேர்த்து எழுதுங்கள். அவர்களில் உங்கள் வேலைக்குத் தகுதியானவர்கள் இருந்தால், இப்போது எடுக்கும் ஆறு பேரில் முதலில் அவர்களைத் தேர்வுக்கு அழைப்பது முறையாக இருக்கும். அழைக்கும்போது 0422 எண்ணிலிருந்தே அழையுங்கள். ஒருமுறை சூடுபட்டவர்கள் அலைபேசி அழைப்பை நம்ப மாட்டார்கள், நம்பவும் கூடாது.

அறிவிப்பை எங்கே போடுவது என்று நீங்கள் கேட்கவில்லை; ஆனால் அதையும் சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப் குழுக்களுக்கு முன்பாக, தமிழக அரசின் tnprivatejobs.tn.gov.in தளத்தில் நிறுவனத்தைப் பதிவு செய்து காலியிடத்தை அங்கே ஏற்றுங்கள். அங்கே வேலை கொடுப்பவருக்கும் தேடுபவருக்கும் செலவு இல்லை. வாட்ஸ்அப்பில் போடும் படத்தில் “இதே அறிவிப்பு அரசுத் தளத்திலும் உள்ளது” என்று ஒரு வரி சேர்க்கலாம். கேட்டுக்கு வர முடியாதவருக்கு அது இரண்டாவது சரிபார்ப்பு. அருகில் உள்ள ஐ.டி.ஐ.க்களின் பயிற்சி அலுவலரிடம் அச்சுப் பிரதியை நேரில் கொடுத்தால், அங்கிருந்து வரும் ஆட்கள் இடைத்தரகர் யாரையும் கடந்து வர வேண்டியதில்லை.

ஆறு இடமும் நிரம்பியவுடன், அறிவிப்பு போன அதே குழுக்களில் “இடங்கள் நிரம்பிவிட்டன, இனி இந்த அறிவிப்பின் பேரில் யார் பேசினாலும் அது நாங்கள் அல்ல” என்று தேதியோடு ஒரு செய்தி போடுங்கள். கேட்டில் உள்ள பிரதியின் மேலும் குறுக்கே அப்படியே எழுதி, இரண்டு மாதமாவது அதைக் கிழிக்காமல் விட்டுவையுங்கள். பழைய அறிவிப்புகள் குழுக்களில் நெடுநாள் சுற்றிக்கொண்டே இருக்கும்.